எந்தத் திசை, எத்தனை டிகிரி? – சோலார் கேள்வி-பதில்

எங்கள் வீடு வடக்கு பார்த்த வீடு. சோலார் போட்டால் கரண்ட் குறைவாகத்தான் வரும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். உண்மையா?
– வாசகி, தாம்பரம்

வாசல் எந்தப் பக்கம் பார்த்தால் என்ன, பேனல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான் கணக்கு. உங்களுடையது மொட்டை மாடி. வீடு வடக்கு பார்க்கட்டும். பேனலைத் தெற்கு பார்த்து நிறுத்துங்கள்.

ஜெர்மனியில் இருக்கும் என் தம்பி வீட்டுக் கூரையில் பேனல் நன்றாக நிமிர்ந்து நிற்கிறது. எனக்கு மட்டும் 10 டிகிரிதான் தருவேன் என்கிறார் இங்குள்ள கம்பெனிக்காரர். செலவை மிச்சம் பிடிக்கிறாரோ?
– வாசகர், வேளச்சேரி

இல்லை, அவர் சொல்வது சரி. டிசம்பர் நண்பகலில் பெர்லினில் சூரியன் அடிவானத்திலிருந்து 14 டிகிரி உயரம்தான் வரும். அதே நாளில் சென்னையில் 53 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். அதனால் அவர்களுக்கு 30, 35 டிகிரி சாய்வு தேவை. நமக்கு ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நேர் உச்சிக்கே வருகிறது; இடைப்பட்ட மாதங்களில் நண்பகலில் சற்று வடக்கே நிற்கிறது. சென்னையில் 30 டிகிரி சாய்த்தால் ஆண்டு உற்பத்தி சில சதவீதம் குறையும், காற்றும் கூடுதலாகப் பிடிக்கும். 2016-இல் வர்தா புயலைப் பார்த்த ஊருக்கு அது வேண்டாத வேலை.

அதற்காகத் தட்டையாகவும் படுக்கப் போடாதீர்கள். 10 டிகிரி இருந்தால்தான் மழைத் தண்ணீர் தூசியை இழுத்துக்கொண்டு ஓடும். தட்டையாகக் கிடக்கும் பேனலின் கீழ் ஓரத்தைப் பாருங்கள், ஃபிரேமை ஒட்டி ஒரு சேற்றுக் கோடு படிந்திருக்கும்.

தெற்கே இடமில்லை. கிழக்கா, மேற்கா? எவ்வளவு நஷ்டம்?
– வாசகர், கோயம்புத்தூர்

நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. 3 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு 4 யூனிட் என்ற வழக்கமான கணக்கில், தெற்கு பார்த்து 10 டிகிரியில் நின்றால் ஆண்டுக்கு 4,380 யூனிட். அதே சாய்வில் கிழக்கோ மேற்கோ பார்த்தால் குறைவது ஏறக்குறைய 2 சதவீதம், அதாவது 90 யூனிட். வடக்கு பார்த்தால்கூட 5 சதவீதம், 220 யூனிட் அளவில்தான். சாய்வு குறைவாக இருக்கும்வரை திசைக்கு வலு குறைவு.

ஒரு எச்சரிக்கை. பாதி பேனலைக் கிழக்கேயும் பாதியை மேற்கேயும் போட்டால், இரண்டையும் ஒரே ஸ்ட்ரிங்கில் கோக்க விடாதீர்கள். வரிசையில் குறைந்த வெயில் வாங்கும் பேனல் மற்றவற்றின் கரண்டையும் இழுத்துப் பிடிக்கும். இன்வெர்ட்டரில் இரண்டு எம்பிபிடி இருக்கிறதா என்று கேட்டு, ஒவ்வொரு திசையையும் தனித்தனியாக இணைக்கச் சொல்லுங்கள்.

எங்களுடையது சரிவான ஓட்டு வீடு. வடக்குச் சரிவில்தான் இடம் காலி.
– வாசகி, நாகர்கோவில்

இங்கே யோசிக்க வேண்டும். சரிவு 25 டிகிரி என்றால், வடக்கு முகம் ஆண்டு உற்பத்தியில் பத்தில் ஒரு பங்கு அளவு இழக்கும். வடக்குச் சரிவுக்கு வெயில் நேராக விழுவது ஜூன், ஜூலையில். உங்கள் ஊரில் அப்போது தென்மேற்குப் பருவமழை மேகம். டிசம்பரில் வானம் தெளிந்தாலும் சூரியன் தெற்கே போய்விடும். கிழக்குச் சரிவோ மேற்குச் சரிவோ கொஞ்சம் கிடைத்தாலும் முதலில் அதை நிரப்புங்கள்.

சீசனுக்கு சீசன் சாய்வை மாற்றினால்?
– வாசகர், திருச்சி

வேண்டாம். சில சதவீதத்துக்காக ஆண்டுதோறும் போல்ட்டைக் கழற்றி மாட்டினால் ஸ்ட்ரக்சர்தான் தளரும்.

தெற்கு பார்த்து, சரியான சாய்வில் போட்டும் யூனிட் குறைகிறது. என்ன கோளாறு?
– வாசகர், ஆவடி

முதல் சந்தேகம் தண்ணீர்த் தொட்டி மேல். டிசம்பரில் காலை 9 மணிக்கும் மாலை 3 மணிக்கும் சென்னைப் பக்கம் நிழல், பொருளின் உயரத்தைப்போல ஒன்றரை மடங்கு நீளும். பேனலைவிட 2 மீட்டர் உயர்ந்த தொட்டிக்கு 3 மீட்டர் நிழல், அதுவும் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து. ஒரு பேனலின் மூலையில் விழும் நிழல்கூட அதன் மூன்றில் ஒரு பகுதியை முடக்கிவிடலாம். திசை தவறினால் போகிற 2 சதவீதம் இதற்கு முன் ஒன்றுமில்லை.

கண்டுபிடிப்பது எளிது. இன்வெர்ட்டர் ஆப்பில் மேகமில்லாத நாட்களின் வரைபடத்தைப் பாருங்கள். தினமும் ஒரே நேரத்தில் ஒரு பள்ளம் விழுந்தால் அது நிழல். அந்த நேரத்தில் மாடிக்குப் போய்ப் பார்த்துவிடுங்கள். புதிதாகப் போடுகிறவர்கள் டிகிரி பேரம் பேசும் முன், பேனல் தொட்டிக்கும் மாடிப்படி அறைக்கும் தெற்கே வருகிறதா என்று கேளுங்கள்.