இந்த வருஷம் ஒளி கிடையாது

ஊருக்கு ஆடி பிறக்கும்போது அவருக்கு மட்டும் தீபாவளி வந்துவிடும். நாமெல்லாம் தீபாவளி முறுக்கைக் கடித்துக்கொண்டிருக்கையில் அவர் பொங்கல் பானைக்கு அடைமொழி தேடிக்கொண்டிருப்பார். ஜவுளிக்கடையில் பில் போடுவதுதான் உத்தியோகம். "தம்பி தமிழ் நல்லா எழுதும்" என்று முதலாளி ஒருநாள் யாரிடமோ சொல்லித் தொலைத்தார். அன்றிலிருந்து வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸாப்பில் போகும் பண்டிகை வாழ்த்தும் இவர் தலையில்தான். இவரைப் போல ஒருவர் நகைக்கடையிலும் இருக்கிறார், இனிப்புக்கடையிலும் இருக்கிறார். கல்யாண வீட்டில் பார்த்தால் தெரியும்: எல்லோரும் சாப்பிடப் போனபின் பத்திரிகையின் வாசகத்தைப் படித்துக்கொண்டு நிற்பவர் அவர்தான்.

அவரிடம் ஒரு நீளக் கணக்கு நோட்டு உண்டு. ஒவ்வொரு வாழ்த்து வரிக்கும் ஒரு எண். எதிரே, எந்தப் பண்டிகை, எந்த வருஷம், யாருக்குப் போனது. இருப்பில் உள்ள வரிகளைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், ஆனால் போன வருஷம் வாங்கியவருக்கே இந்த வருஷமும் அதே வரி போய்விடக் கூடாது. கேட்பதற்கு எளிதுதான். ஆனால் கடையும் வாடிக்கையாளரும் வாட்ஸாப்பில் வேறென்ன பேசிக்கொள்ளப் போகிறார்கள்? திரையை விரலால் ஒரு தள்ளு தள்ளினால் போன தீபாவளி வந்து நிற்கும்.

அப்படித் தள்ளிப் பார்த்தவர் ஓய்வுபெற்ற தமிழ் டீச்சர் ஒருவர். போனோடு கடைக்கே வந்துவிட்டார்.

"தம்பி, போன வருஷம் 'இல்லமெங்கும் ஒளி பரவட்டும்'. இந்த வருஷம் 'வீடெல்லாம் வெளிச்சம் நிறையட்டும்'. ஒரே விளக்குக்கு எத்தனை தடவைதான் எண்ணெய் ஊத்துவீங்க?"

அன்று இரவே நோட்டில் புதிதாக ஒரு கட்டம் முளைத்தது: 'கரு'. சொல்லை மாற்றினால் வரி மாறிவிடாது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஒளி ஒரு கரு. எண்ணெய்க் குளியல் ஒன்று. விடிகாலையில் புதுத்துணியின் ஓரத்தில் மஞ்சள் தடவுவது ஒன்று. ஊருக்குப் பஸ் பிடிப்பது, போனஸ், மாப்பிள்ளை வருகை என்று தேடித் தேடி ஒன்பது சேர்த்தார். ஒளிக்கு எதிரே சிவப்பு மையில் 'மூணு வருஷம் ஓய்வு' என்று எழுதினார். தீபாவளிக்கு ஒளியே இல்லையா என்று முதலாளி திகைத்ததும், "ஸ்டாக் இல்லை முதலாளி" என்று இவர் சொன்னதும் தனிக்கதை.

உண்மையான அடி 2025இல் விழுந்தது. முந்தின தீபாவளிக்குப் பழைய வாடிக்கையாளர்களுக்கு 12ஆம் வரியும், அந்த வருஷம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு 14ஆம் வரியும் போயிருந்தன. சரி, இந்தத் தடவை மாற்றிவிடுவோம், பழையவர்கள் 14ஐப் பார்த்ததே இல்லையே என்று கணக்குப் போட்டார். நோட்டின்படி கணக்கு சரிதான். ஆனால் போன வருஷத்துப் புதியவர்கள் இந்த வருஷம் பழையவர்கள் ஆகியிருந்தார்கள். அத்தனை பேருக்கும் அதே மாப்பிள்ளை, அதே வாசல்படி, அதே வரவேற்பு. போதாக்குறைக்கு வரிக்குள் 'வியாழன்' என்றும் இருந்தது. 2024 தீபாவளி வியாழக்கிழமை, 2025இல் திங்கட்கிழமை. "மாப்பிள்ளை மூணு நாள் லேட்டா வர்றாரா?" என்று ஒருவர் பதில் போட்டிருந்தார்.

ஆள் மாறாவிட்டாலும் அவர் இருக்கும் பட்டியல் மாறும். சுழற்சியைப் பட்டியலோடு கட்டினால் இப்படித்தான் ஆகும். எனவே மாறாத ஒன்றைப் பிடித்தார்: போன் நம்பரின் கடைசி இலக்கம். ஒற்றைப்படைக்காரர்களுக்கு ஒரு வரி, இரட்டைப்படைக்காரர்களுக்கு வேறொன்று. அடுத்த வருஷம் இடம் மாற்றம். இரண்டு வருஷம் ஆனதும் இரண்டு வரிக்கும் ஓய்வு. புதிதாக வருகிறவரும் சேர்ந்த அன்றே ஒரு பக்கம் போய்விடுவார், கடைசிவரை அங்கேயே இருப்பார். கிழமை, தேதி, தள்ளுபடி மூன்றுக்கும் வரியில் வெறும் கோடு. அனுப்புகிற அன்றுதான் நிரப்புவது.

இதிலும் ஓட்டை உண்டு. நம்பரையே மாற்றிக்கொள்கிறவரை ஒன்றும் செய்வதற்கில்லை. இன்னொன்று, புருஷனுக்கு ஒற்றைப்படை, பெண்சாதிக்கு இரட்டைப்படை என்று அமைந்துவிடும் வீடுகள். அவர் போன வருஷம் படித்தது இந்த அம்மாளுக்கு இந்த வருஷம் வரும். "ரெண்டு பேரும் போனை மாத்திப் பாத்துக்கிற வீடா இருந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். "அவங்களுக்குள்ள அதைவிடப் பெரிய பிரச்சினை வந்துரும்ணே, நம்ம வரி தப்பிச்சுக்கும்" என்றார்.

போன பொங்கலுக்கு டீச்சரிடமிருந்தே ஒரு வாழ்த்து வந்தது. படித்தவர் சட்டென்று நோட்டைப் புரட்டினார். பொங்கல் பக்கத்தில் 9ஆம் வரி, ஓர் எழுத்து பிசகாமல். அதற்கு எதிரே நிதானமாக எழுதினார்: 'வாடிக்கையாளருக்கே மனப்பாடம். ஐந்து வருஷம் எடுக்கக் கூடாது.'