பிறவிச் சேவகர்கள்

எங்கள் அறக்கட்டளைக்கு வரும் விண்ணப்பக் கடிதங்களை நம்பினால், தமிழ்நாட்டுக் குழந்தைகள் பாலுக்கு அழுவதில்லை. கிராமப்புறக் கல்விக்காகத்தான் அழுகின்றன. எல்லோருக்கும் 'சிறு வயது முதலே சேவையில் தீராத ஆர்வம்'. அடுத்த பத்தியில் எங்கள் இணையதளத்தின் 'நோக்கம்' பகுதி, எழுத்துப்பிழை மாறாமல், எங்களுக்கே திரும்பி வரும். அந்தப் பிழையை நாங்கள் திருத்துவதில்லை, வடிகட்ட உதவுகிறது.

பிழை சிக்காவிட்டால், எங்கள் பெயரை அடித்துவிட்டு ஏதாவதொரு யானைகள் காப்பகத்தின் பெயரைப் போட்டுப் படிப்பேன். கூசாமல் பொருந்தினால் கடிதம் ஓரத்துக்குப் போய்விடும்.

போன மாதம் ஒன்று பொருந்தவில்லை. எழுதியவர், 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்தவர். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் மாலை வகுப்புக்கு வராமல் நின்றுவிட்டான். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. தம்பியையும் தூக்கிக்கொண்டு வரச் சொன்னாராம். முதல் வாரம் பாடமே நடக்கவில்லையாம். 'உங்கள் மையங்களில் கைக்குழந்தையோடு வர விடுவீர்களா?' என்று கேட்டிருந்தார். கூடவே சம்பளம் எவ்வளவு என்றும்.

கடிதத்தைப் படித்த எங்கள் நிர்வாகக் குழு உறுப்பினர் முகம் சுளித்தார்: "எல்லாம் சரி, சேவையில் ஆர்வம் இருக்கிறதாக ஒரு வரிகூட எழுதவில்லையே!"