வெற்றிகரமான 100வது நாள்

‘நூறாவது நாள்! இன்னும் தவழும் குழந்தைதான். நேற்று ஓர் அத்தையைப் பாட்டி என்று கூப்பிட்டுவிட்டேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். தப்புத் தப்பாய்ப் பயணம் தொடரும்.’ இதற்குக் கீழே கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் மூன்று. மேலே படம்: விரித்த நோட்டு, அதில் முத்துமுத்தாக ஜப்பானிய எழுத்து, பக்கத்தில் ஒரு கோப்பை. கோப்பைக்குள் இருப்பது இஞ்சி டீதான் என்றாலும் கோப்பை மட்டும் கைப்பிடி இல்லாத ஜப்பான் கோப்பை. அந்தக் காலத்தில் படம் நூறு நாள் ஓடினால் தியேட்டர் வாசலில் தட்டி வைப்பார்கள். வைத்தது தயாரிப்பாளராக இருந்தாலும் ஓடியது படம்தான். இங்கே ஓடியவரும் தட்டி வைத்தவரும் கைதட்டச் சொல்கிறவரும் ஒரே ஆள், ஜப்பானிய மொழி படிக்கும் நம்மவர். அவர் மொழி படிப்பதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. நாள் எண்ணுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவர் இவ்வளவு பொறுமையாக எடுத்துச் சொல்லிச் சிரிக்கிற அந்தப் பிழை அவருடையதே இல்லை என்பதுதான் என் வழக்கு.

முதல் சாட்சி, அந்த அத்தையும் பாட்டியும். ஜப்பானிய மொழியில் ‘ஒபசன்’ என்றால் அத்தை, சித்தி, பொதுவாக நடுவயதுப் பெண்மணி. ‘ஒபாசன்’ என்றால் பாட்டி. நடுவில் ஓர் உயிர் நீள்கிறது, அவ்வளவுதான். ஆங்கிலம் பேசி வளர்ந்தவருக்கு இது நிஜமான கஷ்டம். ஒலியை இழுத்தால் பொருள் மாறும் என்ற பழக்கம் அவர் காதுக்குக் கிடையாது. ஆகவே அந்த ஆங்கிலக்காரர் பாட்டியை அத்தையாக்கி, அத்தையைப் பாட்டியாக்கி, அதைச் சிரிப்பாகவும் எழுதிவைத்தார். நமக்கு அப்படியா? படம் வேறு, பாடம் வேறு என்று ஒன்றாம் வகுப்பிலேயே காதைப் பிடித்துத் திருகிக் கற்பித்துவிட்டார்கள். குறிலும் நெடிலும் தாய்ப்பாலோடு வந்தவை. அதே போல ‘கிதெ’ என்றால் ‘வந்து’, ‘கித்தெ’ என்றால் தபால் தலை. இதைக் குழப்பிக்கொண்டதாகவும் நம்மவர் ஐம்பதாம் நாளில் எழுதியிருந்தார். பாடு எது, பாட்டு எது என்று தெரிந்த வாய்க்கு ஒற்று எங்கே தடுக்கியது? ஊரார் வீட்டுக் கல்யாண ஆல்பத்தில் தன் முகத்தை ஒட்டிக்கொள்வது மாதிரி, வெளிநாட்டார் செய்த பிழைகளை வாங்கி நாள் எண்ணை மட்டும் மேலே ஒட்டுகிறார்.

இதற்கு ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்பு. அவர் ஜப்பானிய மொழியை ஆங்கில எழுத்தில் எழுதிப் படிக்கிறார். அங்கே இரண்டு சொற்களும் ஒரே மாதிரி எழுதப்படுவது உண்டு, அதனால் தமிழருக்கும் குழப்பம் வரலாமே என்பார்கள். வரலாம். ஆனால் ஹிரகானாவின் அடிப்படை எழுத்துகள் 46தான். நம் உயிர்மெய்யை மட்டும் எண்ணினாலே 216 வரும், அதையே விழுங்கியவர்கள் நாம். ஹிரகானாவில் பாட்டியை எழுதும்போது நடுவில் ஓர் ‘அ’ கூடுதலாக வந்து உட்கார்ந்திருக்கும், கண்ணுக்குத் தப்பாது. நூறாம் நாளிலும் அது தெரியவில்லை என்றால் படத்தில் உள்ள அந்த முத்துமுத்தான நோட்டு யாருடையது என்ற இன்னொரு கேள்வி எழும். அதை நான் கிளப்பவில்லை.

நூறு நாள் என்பதன் கணக்கையும் பார்த்துவிடலாம். மொழி கற்கும் செயலியில் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால் நூறு நாளுக்கு ஆயிரம் நிமிடம், அதாவது 16 மணி 40 நிமிடம். நூறு நாளையும் கூட்டினால் ஒரு முழு நாள்கூடத் தேறவில்லை. நடுவில் ஓரிரு நாள் மறந்துபோனாலும் எண்ணிக்கை அறுந்துவிடாமல் காக்க ஒரு வசதியைச் செயலியே கொடுக்கிறது, அதை அவர் கேப்ஷனில் சொல்வதில்லை. இதையெல்லாம் குற்றமாகச் சொல்லவில்லை. ஒரு முழு நாள்கூட ஆகாத படிப்பில் பிழை வண்டி வண்டியாக இருக்குமே, அத்தனையையும் விட்டுவிட்டுக் கடன் வாங்கிய ஒன்றைக் காட்டுவானேன் என்பதுதான் புரியவில்லை.

அவருடைய சொந்தப் பிழைகள் எங்கே இருக்கின்றன? அவருக்குப் பெருமை பொங்கும் இடத்தில். பதினைந்தாம் நாளே அவர் கண்டுபிடித்துவிட்டார்: ஜப்பானிய மொழியிலும் ‘இரு’ என்றால் இருத்தலாம்! வினைச்சொல் நம்மைப் போலவே கடைசியில் வருகிறதாம்! ‘தபெதெ மிரு’ என்றால் அப்படியே ‘சாப்பிட்டுப் பார்’, ‘மிரு’ என்பதும் பார்ப்பதுதானாம்! எல்லாம் உண்மை. தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் நூல்களே எழுதினார். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. நம்மவர் முதல் வாக்கியத்தைப் பகிர்ந்தார், இரண்டாவதைப் பகிரவில்லை. அந்த ‘இரு’தான் அவருக்குப் பொறி. தமிழில் நாயும் இருக்கிறது, நாற்காலியும் இருக்கிறது. ஜப்பானிய மொழியில் நாய்க்குத்தான் ‘இரு’, நாற்காலிக்கு ‘அரு’. உயிருள்ளதற்கு ஒன்று, இல்லாததற்கு ஒன்று. நாற்காலி இருக்கிறது என்று சொல்ல நினைத்து அவர் ‘இசு க இரு’ என்பார். வேடிக்கை என்னவென்றால் அது பிழையான வாக்கியமாகக்கூடக் காதில் விழாது. ‘தேவைப்படு’ என்ற பொருளில் இன்னொரு ‘இரு’ அந்த மொழியில் உண்டு. ஆகவே கேட்பவர் ‘நாற்காலி வேண்டும்’ என்று புரிந்துகொண்டு இன்னொரு நாற்காலியைத் தூக்கி வருவார். ‘அரிமஸ்’, ‘இமஸ்’ என்று மரியாதை வடிவத்தில் பேசினால் இந்த விபத்து நேராது, நாற்காலிக்கு உயிர் வந்ததோடு போய்விடும். ஆங்கிலேயரிடம் கடன் வாங்க முடியாத பிழை இது. தமிழில் ‘இரு’ என்று சொல்லி வளர்ந்த வாய்க்குத்தான் இது இவ்வளவு சுலபமாக வரும். இதைப் பற்றி ஒரு கேப்ஷன் வந்ததா? வரவில்லை. ஏனென்றால் இது பிழை என்றே அவருக்குத் தெரியாது.

தெரியாத பிழையை ஒருவர் எப்படி எழுதுவார் என்று கேட்கலாம். என்னைச் சுடும் கேள்விதான், ஆனால் என் வாதத்துக்கு வலு சேர்ப்பதும் அதுவே. தெரிந்துவிட்ட பிழை பாதி திருந்திய பிழை. அதைச் சொல்லிச் சிரிப்பதற்குப் பொறுமை தேவையில்லை. தெரியாத பிழையை அறிய இன்னொரு ஆள் வேண்டும், அந்த ஆள் சிவப்பு மையோடு வர வேண்டும், வந்தவரிடம் கோபித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும். பொறுமை அங்கேதான் செலவாகும். செயலி நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தொடச் சொல்லும். ஜப்பானிய மொழித் திறன் தேர்வோ ஐந்து நிலைகளிலும் பேச்சுப் பகுதியே இல்லாமல் நடக்கிறது, அடிமட்டமான என்5இல் வாயே திறக்காமல் தேறிவிடலாம். ஜப்பானியரிடம் நேரில் பேசினாலோ அவர்கள் இரண்டு சொல் கேட்டதும் ‘நிஹொங்கோ ஜோஸு’, அதாவது நல்ல ஜப்பானிய மொழி என்று பாராட்டிவிடுவார்கள். அது மரியாதை, மதிப்பெண் இல்லை. நம்மவர் அதையும் படம்பிடித்துப் போட்டிருக்கிறார்.

பிழையைப் பார்த்துச் சிரிக்கப் பழகினால் வெட்கம் விலகும், வெட்கம் விலகினால் பேச்சு வரும், அதைக் கெடுப்பானேன் என்றும் சொல்வார்கள். ஒப்புக்கொள்கிறேன். வாய் திறக்கவே கூசி நிற்பவரைவிட இவர் ஆயிரம் மடங்கு மேல். ஆனால் வெட்கம் விலக வேண்டுமானால் முதலில் வெட்கம் வர வேண்டுமே. அத்தை பாட்டி பிழையில் யாருக்கும் தலை குனியாது, அதனால்தான் அது கேப்ஷனுக்கு ஏற்றதாக இருக்கிறது. வெளிக் கம்பெனியிலிருந்து வந்த தொலைபேசி அழைப்பில், தன் மேலாளரைப் பற்றிச் சொல்லும்போது பெயருக்குப் பின் ‘சான்’ சேர்த்துவிட்டால் அது வேறு கதை. அங்கே வெளியாரிடம் பேசும்போது நம் ஆளை நாமே உயர்த்தக் கூடாது, வெறும் ‘தனகா’ என்று பெயரை மட்டும்தான் சொல்ல வேண்டும். மேலாளர் ‘வந்தார்’ என்று மட்டுமே சொல்லிப் பழகிய தமிழருக்கு அது நெஞ்சு கூசும் காரியம். தமிழ் மரியாதை அங்கே போய் அவமரியாதையாக நிற்கும். அந்தப் பிழைக்கு மஞ்சள் முகம் போட மனசு வராது.

இவ்வளவு கடிந்துவிட்டு அந்த நூறாம் நாள் கேப்ஷனை முழுதாகப் படிக்காமல் விட்டால் அவருக்கு அநியாயம் செய்ததாகும். கடைசியில், மஞ்சள் முகங்களுக்கும் கீழே, அவர் சொந்தமாக ஒரு ஜப்பானிய வாக்கியம் எழுதியிருக்கிறார். எங்கும் பார்த்து எழுதியதல்ல, பார்த்தாலே தெரிகிறது. ‘வீட்டில் தினமும் படிக்கிறேன்’ என்பதைத்தான் சொல்ல வந்தார்: ‘இயெ நி மைநிச்சி பெங்க்யோ ஷிமஸ்.’ தமிழில் வீட்டில் இருந்தாலும் வீட்டில் படித்தாலும் ஒரே ‘இல்’. ஜப்பானிய மொழியில் வீட்டில் சும்மா இருந்தால் ‘நி’, வீட்டில் ஏதாவது வேலை செய்தால் ‘டெ’. படிப்பது வேலை, ஆகவே ‘இயெ டெ’ என்று வந்திருக்க வேண்டும். ‘இயெ நி’ என்று பார்த்ததும் தெரிந்தவர் கண் சற்றே தடுக்கும். சும்மா உட்கார்ந்திருப்பதற்கான உருபோடு படிப்பு வந்து நிற்கிறது. அந்த ஒரே எழுத்தில் அவருடைய பாட்டி, பள்ளிக்கூடம், ஏழாம் வேற்றுமை எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன. முழுக்க முழுக்க அவர் பெற்ற பிள்ளை அது. நூறு நாளில் அவர் எழுதியவற்றில் இது ஒன்றுதான் அவர் கையெழுத்து என்று சொல்லத் தோன்றுகிறது, கொஞ்சம் பாசமாகவும் இருக்கிறது.

அந்தப் பிழையை அவரிடம் யாரும் சொல்லவில்லை. விருப்பக்குறி போட்டவர்களுக்கு ஜப்பானிய மொழி தெரியாது, தெரிந்த ஒருவர் ‘ஜோஸு’ என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். ‘நி’ அங்கேயே நிற்கிறது. அதற்குள் நூற்றியோராம் நாள் கேப்ஷனும் வந்துவிட்டது. ஒரு குழந்தையைப் பார்த்து ‘கவாயீ’, அழகாக இருக்கிறது, என்று சொல்லப் போய் ‘கொவாய்’, பயமாக இருக்கிறது, என்று சொல்லிவிட்டாராம்.