ரேடியோவைப் பிரித்த குழந்தைகள்

புதுச்சேரியில் ரேடியோ ரிப்பேர் கடைகள் ஏன் காணாமல் போயின என்று எனக்குத் தெரியும். என் மாணவர்கள் அத்தனை பேரும் சிறு வயதிலேயே வீட்டு ரேடியோவைப் பிரித்துப் பார்த்துவிட்டார்களாம். எஸ்.ஓ.பி. என்கிற நோக்க அறிக்கைகளில் அப்படித்தான் எழுதுகிறார்கள். செல்போனோடு பிறந்த பிள்ளைகளுக்கு இத்தனை ரேடியோ எங்கிருந்து கிடைத்தது என்று மட்டும் கேட்கக் கூடாது.

சின்னக் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் வாத்தியாராக இருப்பதால் இவற்றைத் திருத்தும் வேலை என் தலையில். இந்த முறை வந்தவன் ஜெர்மனியில் பவர் எலக்ட்ரானிக்ஸ் படிக்க ஆசைப்பட்டான். கூடவே அவன் அப்பாவும் வந்தார்.

"சார், 1954 வரைக்கும் நம்ம ஊரு அவங்க கையிலதானே இருந்துச்சு? அதைக் கொஞ்சம் தூக்கலா எழுதுங்க."

"அது பிரான்ஸுங்க."

"பக்கத்துல தானே சார் ஜெர்மனி?"

சொல்தா குடும்பங்கள் இருக்கிற ஊர். பாதிப் பேருக்கு ஐரோப்பா என்பது அத்தை வீடு மாதிரி.

பையனின் முதல் பத்தியில் ரேடியோ. இரண்டாம் பத்தியில் மார்க். அதுதான் மார்க் ஷீட்டிலேயே இருக்கிறதே. மூன்றாம் பத்தி முழுக்கப் புலம்பல்: லேப் சரியில்லை, கருவி இல்லை, வாய்ப்பு இல்லை. நான்காம் பத்தியில் பல்கலைக்கழகத்துக்குப் புகழ்மாலை. ஆகன் நகருக்குப் போக வேண்டிய கடிதம், டிரெஸ்டனை வானளாவப் புகழ்ந்தது. பெயரை மாற்றினாலும் ஒட்டிக்கொள்கிற பத்தியை ஜெர்மானியர் படிக்கவே வேண்டாம், நானே அடித்துவிடுவேன்.

புலம்பலில் பொய் இல்லை. எங்கள் லேபில் ஆறு சி.ஆர்.ஓ. உண்டு. இரண்டில்தான் கோடு தெரியும். அதில் ஒன்றின் கோடு கடற்கரைச் சாலையில் வாக்கிங் போவதுபோல் நகர்ந்துகொண்டே இருக்கும். எட்டுப் பேருக்கு ஒரு சி.ஆர்.ஓ. என்பதால் முதலில் கிராஃப் போட்டு, அதிலிருந்து ரீடிங் எடுக்கும் கலையில் எங்கள் பிள்ளைகள் தேர்ந்தவர்கள்.

"சரி, புராஜெக்ட் இன்வெர்ட்டரோட அலையை எதுல பாத்த?" என்றேன்.

"அது வந்து சார்... கம்ப்யூட்டர் சவுண்ட் கார்டுல." திருட்டுத்தனம் மாட்டிக்கொண்ட முகத்தோடு சொன்னான்.

கிண்டக் கிண்ட வந்தது. 230 வோல்ட்டை நேராகத் தொடாமல் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு 12 வோல்ட்டுக்கு இறக்கியிருக்கிறான். அதன் உச்சம் 17 வோல்ட். பழைய டெஸ்க்டாப்பின் நீல நிற லைன்-இன் துளை தாங்குவது சுமார் 1 வோல்ட். எனவே 100 கிலோ ஓம், 4.7 கிலோ ஓம் என இரண்டு ரெசிஸ்டரைத் தொடராக இணைத்து, சின்னதின் குறுக்கே எடுத்திருக்கிறான், 0.76 வோல்ட்தான் வரும். இலவச மென்பொருள் ஒன்று திரையில் அலையை வரைந்தது.

"அது சரியாக் காட்டுதுன்னு எப்படித் தெரியும்?"

"எங்க வீட்டுப் பழைய இன்வெர்ட்டர் சதுர அலை தரும் சார். கணக்குப்படி 150 ஹெர்ட்ஸ் பங்கு, 50 ஹெர்ட்ஸில் மூணில் ஒண்ணு, 33 சதவீதம் இருக்கணும். எனக்கு 31 வந்துச்சு. மிச்சத்தை டிரான்ஸ்ஃபார்மர் தின்னுருக்கலாம்."

இவ்வளவையும் ரேடியோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறான்! புலம்பல் பத்தியை ஒரே வரியாக்கினோம்: 'ஆறில் இரண்டு சி.ஆர்.ஓ. மட்டுமே இயங்கும் என்பதால் சவுண்ட் கார்டில் அளந்தேன்.' பிறகு ரெசிஸ்டர்கள், 33, 31, சந்தேகம்.

அடுத்தது அவன் கேட்காத கேள்வி: சவுண்ட் கார்டில் எது தெரியாது? அது நொடிக்கு 48,000 முறைதான் அளக்கும். ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் குருடு. மாஸ்ஃபெட் திறந்து மூடும் கணத்தில் மெகாஹெர்ட்ஸில் துள்ளும் அதிர்வு அதன் கண்ணில் படவே படாது. ஆனால் அவனுடைய இரண்டு மாஸ்ஃபெட்டுகள் புகைந்து போயிருந்தன. காரணம் அந்தத் துள்ளலா, சூடா? தெரியாது, அளக்க வழியில்லை. "இதுக்குத்தானேப்பா அங்க போற!" என்றேன். கடைசிப் பத்தி தானாக வந்தது. வேகமான சுவிட்சிங்கை அளக்கச் சொல்லித்தரும் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது என்று பாடத்திட்டத்தில் தேடினான். இரண்டு இடம் பட்டியலிலிருந்து விழுந்தது. ஒன்று புதிதாக ஏறியது.

சிபாரிசுக் கடிதத்துக்காகத் துறைத் தலைவரிடம் போனோம். 'ஆறில் இரண்டு' என்ற வரியில் அவர் விரல் நின்றது. பையன் எச்சில் விழுங்கினான். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:

"அந்த ரெண்டு ரெசிஸ்டரும் இப்ப எங்க இருக்கு?"

"என் பையில சார்."

"அதை லேப்ல வெச்சிட்டுப் போ. ஸ்டாக் ரெஜிஸ்டர்ல ஏழாவது சி.ஆர்.ஓ.ன்னு ஏத்திடுறேன். அடுத்த மாசம் இன்ஸ்பெக்‌ஷன் வருது."