ஒன்றரை நொடி

அப்பாவுக்கு ஸ்மார்ட்போனை எளிமையாக்கித் தருகிறேன் என்று கிளம்பும் பிள்ளைகள் முதலில் எழுத்தைப் பெரிதாக்குவார்கள். இரண்டாவதாகவும் அதையேதான் செய்வார்கள். கடைசியில் திரையில் நாலு வார்த்தைதான் கொள்ளும், ஒரு குறுஞ்செய்தியைப் படித்து முடிக்க மலை சுற்றுகிற மாதிரி இழுத்துக்கொண்டே போக வேண்டும். பெரியவர்களின் சிக்கல் கண்ணில் இருக்கிறது என்று நாமே முடிவு கட்டியதால் வந்த வினை இது. கண்ணாடி போட்டால் கண் சரியாகிவிடும். சிக்கல் விரலில் இருக்கிறது என்பதுதான் என் கட்சி.

திருவண்ணாமலை வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்குப் பக்கத்துத் தெருவில், அதே ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முப்பது வருஷம் ரப்பர் ஸ்டாம்ப் குத்திய விரல் அவருடையது. எதையும் அழுத்திப் பிடித்தால்தான் பதியும் என்று அதற்குத் தெரியும். போனுக்கோ சுமார் அரை நொடிக்கு மேல் விரல் நின்றால் அது தட்டல் இல்லை, பிடித்தல். உடனே ஐகான் பெயர்ந்து கையோடு வரும். விரலை லேசாக நகர்த்தினால் வேறு பக்கத்தில் போய் உட்காரும், இல்லாவிட்டால் திரையை விட்டே போகும். மறுநாள் மகனுக்குப் போன் வரும்: “வாட்ஸ்அப்பை யாரோ அழிச்சிட்டாங்கப்பா.” கோளாறு கண்ணிலா விரலிலா என்று கண்டுபிடிக்க டாக்டர் வேண்டாம். முகப்புத் திரையில் ஐகான்கள் இடம் மாறிக் கிடந்தால் விரல்தான். கண் மங்கினவர் தவறான ஐகானைத் தொடுவாரே தவிர, அதைத் தூக்கிக்கொண்டு போய் வேறிடத்தில் குடிவைக்க மாட்டார்.

சாம்சங் போனில் Settings, Display வழியே Easy mode என்று ஒன்று இருக்கிறது. பெரிய ஐகானுக்காக எல்லோரும் அதைப் போடுவார்கள். அதன் உண்மையான வரம், பிடித்தலுக்கான நேரத்தை ஒன்றரை நொடியாக நீட்டுவது. மற்ற ஆண்ட்ராய்டு போன்களில் Accessibility பகுதியில் Touch and hold delay என்று தேடினால் கிடைக்கும். முகப்புத் திரையைப் பூட்டும் வசதியும் இருந்தால் அதையும் போட்டுவிட வேண்டும். பிறகு ஐகான் சிறிதாகவே இருந்தாலும் பரவாயில்லை, நேற்று இருந்த இடத்தில் இன்றும் இருக்கும்.

ஸ்பீடு டயலிலும் இதே கதைதான். 2-ஐ அழுத்திப் பிடித்தால் மகன், 3-ஐப் பிடித்தால் மகள் என்று சொல்லித் தருகிறோம். பிடிக்காதே என்று ஒரு பக்கம் திட்டிவிட்டு இன்னொரு பக்கம் பிடி என்கிறோம். அதைவிட, தொடர்பு எண்ணை விட்ஜெட்டாக முகப்பில் வைத்து, ஒரு தொடுதலில் அழைப்பு போகும்படி செய்வது மேல். நாலு முகம் போதும். தவறுதலாக அழைப்பு போகாதா என்றால், போகும். பெங்களூரில் மீட்டிங்கில் இருக்கும் மகனுக்கு அப்பாவின் சட்டைப்பையிலிருந்து ரெண்டு நிமிஷம் சரசரப்பு கேட்கும். அதில் நஷ்டம் ஒன்றுமில்லை, அப்பா நடமாடுகிறார் என்பதாவது தெரியும்.

இனி வேண்டாத அழைப்புகள். 1909-க்கு START 0 என்று குறுஞ்செய்தி அனுப்பினால் முறையாகப் பதிவு செய்த விளம்பரக்காரர்கள் நிற்பார்கள். பதிவே செய்யாமல் சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து கடன் தருகிறேன் என்பவர் நிற்க மாட்டார். ஆகவே Do Not Disturb-ஐ எப்போதும் போட்டு வைத்து, சேமித்த எண்களுக்கு மட்டும் மணி அடிக்க விடுவதே என் யோசனை. டிஜிட்டல் கைது என்று மிரட்டுபவர்கள் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் வருவதால், அங்கேயும் Privacy பகுதியில் Silence unknown callers-ஐப் போட வேண்டும்.

கேஸ் சிலிண்டர்காரரும் ஆஸ்பத்திரியும் புது எண்ணிலிருந்துதானே கூப்பிடுவார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குத்தான் Repeat callers. ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைப்பு வந்தால் மணி அடிக்கும். வேலை இருப்பவர் மறுபடி அடிப்பார். விடாக்கண்டனான கடன்காரரும் அடிக்கலாம்தான், ஆனால் பத்தில் ஒருவர் வருவது வேறு, பத்து பேரும் வருவது வேறு. இதில் ஒரு குறை உண்டு: குறுஞ்செய்திகளும் ஓசையில்லாமல் வரும். ஓடிபிக்குக் காத்திருப்பவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அல்லது குறுஞ்செய்திச் செயலிக்கு மட்டும் விலக்கு கொடுக்க வேண்டும்.

ஆனால் வேங்கிக்காலில் எந்த அமைப்புக்கும் அடங்காத ஓர் அழைப்பு உண்டு. பௌர்ணமிக்கு முந்தின நாள், “கிரிவலம் வர்றோம், ஒரு ஏழெட்டு பேர்தான், திண்ணையில படுத்துக்குவோம்” என்று வருவது. அவர்கள் எல்லோருடைய எண்ணும் சேமிப்பில் இருக்கிறது.