நாலு-மூன்று-மூன்று-மூன்று: ஒரு சமத்துவ மயக்கம் பற்றிய ஆய்வு

பிரிட்ஜ் ஆட்டத்தில் கைக்கு 13 சீட்டு. ஸ்பேடு, ஆர்ட்டின், டைமன், கிளாவர் என இனம் நான்கு. 13-ஐ நான்கால் வகுத்தால் மீதி விழும் என்பதால் முழுச் சமம் பிறவியிலேயே இல்லை. அதற்கு மிக அருகில் நிற்பது 4-3-3-3. ஆகவே அதுதான் அடிக்கடி வரும் என்பது சீட்டாடும் உலகின் பழைய நம்பிக்கை. இக்கட்டுரை அதை மறுக்கிறது. நூறு கையில் 4-3-3-3 சுமார் பத்தரை முறைதான் வரும். 4-4-3-2 வருவதோ இருபத்தொன்றரை முறை. இடையில் 5-3-3-2, 5-4-3-1 இரண்டும் புகுந்துவிடுகின்றன. போதாக்குறைக்கு 5-4-2-2-உம் நூலிழையில் முந்திவிட, நமது சமத்துவம் ஐந்தாம் இடத்தில் போய் உட்காருகிறது.

காரணத்தை ஒரே ஒரு சீட்டை நகர்த்திப் பார்த்தே கண்டுகொள்ளலாம். 13 சீட்டில் மூன்றைத் தேர்ந்தெடுக்க 286 வழி, நான்கைத் தேர்ந்தெடுக்க 715, இரண்டுக்கு 78. 4-3-3-3-இல் உள்ள மூன்றுகளில் ஒன்றின் சீட்டை இன்னொன்றுக்குக் கொடுத்தால் 4-4-3-2 ஆகிறது. 286 × 286 என்பது 715 × 78 ஆகிறது, அதாவது 81,796 இறங்கி 55,770. ஆக, சமத்துக்கே வெற்றி, 22-க்கு 15 என்ற கணக்கில்! இங்கேயே பேனாவை மூடிவைத்தவர்கள்தான் மேற்படி நம்பிக்கையைப் பரப்பினார்கள் போலும். ஆனால் எந்த இனத்துக்கு எத்தனை என்ற கணக்கு பாக்கி இருக்கிறது. 4-3-3-3-இல் நாலு சீட்டு எந்த இனத்துக்கு என்று மட்டும் கேட்கலாம், விடை நான்கு. 4-4-3-2-இல் இரண்டு யாருக்கு என்பதற்கு நான்கு விடை, மிஞ்சிய மூன்று இனத்தில் மூன்று சீட்டு யாருக்கு என்பதற்கு மூன்று, ஆகப் பன்னிரண்டு. 15-ஐ மும்மடங்காக்கினால் 45, எதிரே 22. சமமாக இருக்க வழி குறைவு, கோணலாக இருக்க வழி அதிகம்.

“எந்த இனம் என்பதைச் சொல்லிவிட்டால்?” என்று ஒரு வழக்கறிஞர் எழுந்து கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஸ்பேடு நாலு, மற்றவை மும்மூன்று என்று பெயர் குறித்துப் பந்தயம் கட்டினால் அதை மிஞ்ச வேறு எதுவுமில்லை, நூற்றுக்கு 2.63, அதேபோல் பெயர் குறித்த 4-4-3-2-க்கு 1.80. ஆனால் வடிவத்தைக் கேட்பவர் இனத்தைச் சொல்வதில்லை. அடுத்து வரும் மறுப்பு அனுபவத்தின் பெயரால் வருகிறது: “எங்கள் மேசையில் சமமான கைதான் அதிகம்.” அதுவும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பிடியிலும் பெரும்பாலும் ஒரே இனத்தின் நாலு சீட்டு ஒன்றாகச் சேர்கிறது. அவற்றை அடுக்கிச் சோம்பலாகக் கலைத்து, ஆளுக்கு ஒன்றாகப் போட்டால் நாலு பேருக்கும் தலைக்கு ஒன்று. இது நிகழ்தகவின் கருணை அன்று, கைவலியின் விளைவு. இரு பாதியாகப் பிரித்து ஒன்றினுள் ஒன்றாக உதிர்க்கும் கலைப்புக்கு ஏழு தடவை தேவை என்று பேயரும் டயகோனிஸும் 1992-இல் காட்டினார்கள். ஏழு வரை எண்ணுகிற பொறுமை எத்தனை மேசையில் உண்டு? போட்டிகளில் கணினி சீட்டுப் போடத் தொடங்கியபோது, கைகள் தாறுமாறாக வருகின்றன, இயந்திரத்தில் கோளாறு என்று ஆட்டக்காரர்கள் புகார் சொன்னதும் இதனால்தான். இயந்திரம் ஒழுங்காகக் கலைத்திருந்தது, அவ்வளவுதான்.