ரோம் சாசனம் காக்கும் செல்ஃபி

"என் படங்களைப் பயன்படுத்த ஃபேஸ்புக்குக்கு அனுமதி இல்லை." 2012-இல் பரவிய இந்த அறிவிப்பு, பதிப்புரிமைக்கான பெர்ன் ஒப்பந்தத்தைப் 'பெர்னர்' ஆக்கியது; நகலெடுத்த பலர் அதைத் திருத்தவில்லை. அடுத்தடுத்த வடிவங்களில் ரோம் சாசனம் வந்து சேர்ந்தது. இனப்படுகொலையையும் போர்க்குற்றங்களையும் விசாரிக்கும் நீதிமன்றத்தை அமைத்த சாசனம் அது. செல்ஃபிக்கு அதைவிடச் சின்ன காவல் போதாதுதான்!

"ஷேர் செய்யாதீர்கள், காப்பி செய்து ஒட்டுங்கள்" என்ற கட்டளையில்தான் சாமர்த்தியம். ஷேர் செய்தால், மூலப் பதிவை நீக்கியதும் சங்கிலி அறுந்துவிடும். ஒட்டினாலோ ஒவ்வொன்றும் தனிப் பதிவு. யாரும் ஒரு வரி சேர்க்கலாம். ஃபேஸ்புக் 'மெட்டா' ஆனதும் பெயரை மட்டும் மாற்றினார்கள். 2024-இல் இன்ஸ்டாகிராமில் அதே சரக்கு, 'குட்பை மெட்டா ஏஐ'.

எதை ஒட்டினாலும், கணக்குத் தொடங்கிய அன்று படிக்காமல் சம்மதித்தீர்களே, அந்த விதிமுறைகளே செல்லும்.